டர்னிங் பின்களில் அளவு லிமிட்டைத் தாண்டினால்: அறிகுறியை வைத்துக் காரணம் பிடிப்பதும் கஸ்டமருக்கு ரிப்போர்ட் எழுதுவதும்

"சில பின்களில் விட்டம் சற்றுக் கூடுதலாக உள்ளது, பயன்பாட்டுக்குப் பாதிப்பில்லை." இப்படி ஒரு வரியை ரிப்போர்ட்டில் எழுதி அனுப்பினால், எதிர்ப்பக்கம் இருக்கிற தரக்கட்டுப்பாட்டு ஆளுக்கு மொத்த பேட்ச்சையும் நிறுத்தி வைப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. சில என்றால் எத்தனை, கூடுதல் என்றால் எவ்வளவு, பின்னின் எந்த இடத்தில், எந்தப் பின்னிலிருந்து எந்தப் பின் வரை, இதில் எதுவும் அந்த வரியில் இல்லை. பாதிப்பில்லை என்று முடிவு சொல்வதும் நம் வேலை இல்லை, அந்தப் பின் எங்கே போய் உட்காரப் போகிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

விலகலைக் கஸ்டமருக்கு விளக்க வேண்டுமென்றால் முதலில் அது எந்த மாதிரி விலகல் என்று நமக்கே தெரிய வேண்டும். அளவுகளை எழுதி வைத்திருக்கும் விதத்திலேயே பெரும்பாலும் காரணம் தெரிந்துவிடும். கீழே அறிகுறி வாரியாகப் போகிறேன், ஆனால் பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரே பேட்ச்சை எடுத்துக்கொண்டு போவோம்.

எடுத்துக்கொள்ளும் பேட்ச்

டிராயிங்கில் Ø12 f7, நீளம் 40 மி.மீ., இரண்டு முனையிலும் சேம்ஃபர், பொருள் நடுத்தரக் கார்பன் ஸ்டீல். மொத்தம் 400 பின். 12 மி.மீ.க்கு f7 என்றால் மேல் லிமிட் 11.984, கீழ் லிமிட் 11.966, ஆக மொத்தம் 18 மைக்ரான் டாலரன்ஸ். இந்தப் பின் போய் உட்காரும் துளை H8, அதாவது 12.000 முதல் 12.027 வரை. அசெம்பிளி டிராயிங்கிலேயே துளையின் அளவு இருந்ததால் இது நமக்குத் தெரியும், இல்லையென்றால் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது, ஏனென்று பின்னால் வருகிறது.

சிஎன்சி லேத்தில் பாரைச் சக்கில் பிடித்து, வெளியே 45 மி.மீ. நீட்டிக்கொண்டு டர்னிங் செய்து, கடைசியில் பார்ட்டிங் டூலால் வெட்டி விழவைக்கிற சாதாரண வேலை. டெயில்ஸ்டாக் தாங்கல் இல்லை. ஆபரேட்டர் அவ்வப்போது ஒரு பின்னை எடுத்து நடுவில் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்க்கிறார், எல்லாம் லிமிட்டுக்குள் இருக்கிறது. கடைசி இன்ஸ்பெக்‌ஷனில் 20 பின்னை எடுத்து மூன்று இடத்தில் அளந்தபோதுதான் நான்கு பின்னில் ஒரு முனை மட்டும் 11.985 அல்லது அதற்கு மேல் காட்டுகிறது.

அறிகுறி: ஒரு முனையில் சரி, மறுமுனையில் அதிகம்

முதலில் செய்ய வேண்டியது, எந்த முனை என்று பார்ப்பது. பார்ட்டிங் வெட்டிய முகத்தில் நடுவில் சின்னக் குமிழ் மாதிரி தடயம் இருக்கும், அதுதான் சக் பக்கம். அதற்கு எதிர்முனைதான் லேத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனை. நம் பேட்ச்சின் ஆரம்பப் பின் ஒன்றில் இரண்டு முனையிலிருந்தும் 4 மி.மீ. உள்ளே தள்ளியும் நடுவிலும் அளந்தால் இப்படி வருகிறது: சக் பக்கம் 11.972, நடு 11.973, வெளிமுனை 11.978.

இந்த மூன்று எண்ணைக் கவனமாகப் பாருங்கள். முதல் பாதியில் ஏறியது 1 மைக்ரான், அடுத்த பாதியில் 5 மைக்ரான். நேர்க்கோடாக ஏறவில்லை, முனையை நெருங்க நெருங்கத்தான் வேகமாக ஏறுகிறது. இது பின் வளைந்துகொடுப்பதன் அடையாளம். ஒரு பக்கம் மட்டும் பிடித்த கம்பியை டூல் தள்ளும்போது அது விலகும் அளவு, சக்கிலிருந்து டூல் இருக்கும் தூரத்தின் மூன்றாம் படிக்கு ஏற்ப மாறும். சக்கிலிருந்து 45 மி.மீ. தூரத்தில் கம்பி எவ்வளவு விலகுமோ, 25 மி.மீ. தூரத்தில் அதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் விலகும். கம்பி விலகினால் டூல் குறைவாக வெட்டும், அந்த இடம் தடிமனாக நிற்கும், அதுவும் விலகலைப் போல இரண்டு மடங்கு விட்டத்தில் தெரியும்.

ஆபரேட்டர் நடுவில் மட்டும் அளந்துகொண்டிருந்தது ஏன் எதையும் காட்டவில்லை என்பதும் இப்போது புரியும். நடு அளவு, சக் பக்க அளவைத்தான் திரும்பச் சொல்கிறது. வெளிமுனையில் நடப்பது அதற்குத் தெரியவே தெரியாது.

மூன்று இடத்து அளவும் நேர்க்கோடாக, அதாவது சமமாக, ஏறினால் கதை வேறு. அப்போது ஸ்பிண்டில் அச்சும் ஸ்லைடு போகும் வழியும் இணையாக இல்லை, டெயில்ஸ்டாக் போட்டு ஓட்டும் வேலையாக இருந்தால் டெயில்ஸ்டாக் பக்கவாட்டில் விலகியிருக்கிறது. இரண்டு பக்கமும் தாங்கி ஓட்டிய பின் நடுவில் தடித்து இரண்டு முனையிலும் சரியாக இருந்தால் அதுவும் வளைவுதான், ஆனால் பீப்பாய் வடிவத்தில்.

வளைவா, அச்சு விலகலா என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள ஒரு எளிய சோதனை: கடைசி ஃபினிஷ் கட்டை எந்த ஆஃப்செட்டும் மாற்றாமல் அப்படியே இன்னொரு முறை ஓட்டுங்கள். வளைந்திருந்த கம்பியில் விட்டுப்போன மெட்டீரியலை இரண்டாவது ஓட்டம் கொஞ்சம் எடுத்துவிடும், டேப்பர் குறையும். அச்சு விலகல் என்றால் டூல் காற்றில்தான் போகும், டேப்பர் அப்படியே நிற்கும். இந்தச் சோதனையைச் செய்திருந்தால் மட்டும் ரிப்போர்ட்டில் காரணம் என்று எழுதுங்கள், செய்யவில்லையென்றால் "இருக்கலாம்" என்று எழுதுங்கள். கஸ்டமர்கள் ஊகத்தை மன்னித்துவிடுவார்கள், உறுதியாகச் சொல்லி அடுத்த பேட்ச்சிலும் அதே கோளாறு வந்தால் மன்னிக்க மாட்டார்கள்.

அறிகுறி: ஆரம்பத்தில் சரி, போகப் போக ஏறுகிறது

நம் பேட்ச்சில் வளைவு மட்டும் இருந்திருந்தால் ஒரு பின்கூட லிமிட்டைத் தாண்டியிருக்காது, 11.978 என்பது மேல் லிமிட்டுக்கு 6 மைக்ரான் கீழே. அந்த 6 மைக்ரானைத் தின்றது இன்செர்ட் தேய்மானம். வெளிவிட்டம் திருப்பும்போது டூல் மூக்கு தேயத் தேய வெட்டும் ஆழம் குறைந்து விட்டம் ஏறிக்கொண்டே போகும். இங்கே ஏறக்குறைய 25 பின்னுக்கு 1 மைக்ரான்.

பின்கள் லேத்திலிருந்து விழுந்த வரிசையிலேயே தட்டில் அடுக்கப்பட்டிருந்தால் இதைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஒவ்வொரு இருபதாவது பின்னையும் எடுத்து வெளிமுனையில் அளந்து, பின் எண்ணுக்கு எதிரே அளவைப் புள்ளியாக வையுங்கள். நம் பேட்ச்சில் புள்ளிகள் மெதுவாக ஏறி, 160ஐத் தாண்டியதும் லிமிட்டுக்கு வெளியே போய், 240இல் திடீரென்று 10 மைக்ரான் கீழே விழுந்து, அங்கிருந்து மறுபடி ஏறுகின்றன. 240இல் ஆபரேட்டர் ஆஃப்செட்டை 0.010 குறைத்திருக்கிறார். அவர் பார்த்த நடு அளவு அப்போது 11.983, இன்னும் லிமிட்டுக்குள்தான், ஆனால் விளிம்புக்கு வந்துவிட்டதே என்று சரிசெய்திருக்கிறார். அவர் கணக்கில் எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கிறது. வெளிமுனையோ அதற்கு முன்பே எண்பது பின்னுக்கு வெளியே நின்றுவிட்டது.

ஏற்றம் மெதுவாக இருந்தால் தேய்மானம். ஒரே பின்னில் பெரிய தாவல் இருந்தால் இன்செர்ட் மாற்றமோ ஆஃப்செட் திருத்தமோ இன்செர்ட் மூக்கு உடைந்ததோ. மிஷின் நின்று ஆறிய பிறகு முதல் சில பின்கள் மட்டும் விலகி அப்புறம் பழைய அளவுக்கு வந்தால் சூடுதான் காரணம். ஸ்பிண்டிலும் பால் ஸ்க்ரூவும் சூடாகும் வரை அளவு நிலைக்காது.

எல்லாப் பின்னையும் ஒரே வாளியில் கொட்டிக் கழுவிவிட்டார்கள் என்றால் வரிசை போச்சு. அப்போது எத்தனை பின் வெளியே என்று மட்டும்தான் சொல்ல முடியும், எப்போது, ஏன் என்று சொல்ல முடியாது. அந்த நிலையில் 20 பின் சாம்பிளை வைத்துக்கொண்டு பேட்ச்சைப் பற்றி எதுவும் எழுதாதீர்கள், 400ஐயும் அளந்துவிடுங்கள். வரிசை இருந்தாலும் தாண்டிய இடத்தில் முழுதாக அளக்கத்தான் வேண்டும், ஆனால் எந்த இடத்தை அளக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டதால் ஒரு பின்னுக்கு ஒரே அளவு போதும்.

400ஐயும் வெளிமுனையில் அளந்ததில் நம் பேட்ச் இப்படிப் பிரிகிறது: 11.982 வரை 224 பின், 11.983 மற்றும் 11.984 காட்டுபவை 98 பின், 11.985உம் அதற்கு மேலும் 78 பின். அதிகபட்சம் 11.989. கீழ் லிமிட் பக்கம் ஒரு பின்கூடப் போகவில்லை.

அறிகுறி: அளவு லிமிட்டின் மேலேயே வந்து நிற்கிறது

அந்த 98 பின்தான் எல்லாச் சண்டைக்கும் மூலம். மைக்ரோமீட்டர் 11.984 காட்டுகிறது, லிமிட்டும் 11.984, அப்படியானால் பாஸ். ஆனால் அதே பின்னைக் கஸ்டமர் அளக்கும்போது 11.985 காட்டும், அவருக்கு ஃபெயில். யாரும் பொய் சொல்லவில்லை. 0.001 மி.மீ. காட்டும் நல்ல மைக்ரோமீட்டரை ஒர்க்‌ஷாப் சூழ்நிலையில் பயன்படுத்தும்போது, கருவியின் பிழை, கை அழுத்தம், சூடு எல்லாம் சேர்த்து 2 மைக்ரான் அளவுக்கு நிச்சயமின்மை இருக்கிறது என்று வைத்துக்கொள்வது நியாயம். 11.984 என்று நாம் எழுதுவது உண்மையில் 11.982க்கும் 11.986க்கும் இடையில் எங்கோ ஓரிடம்.

இதற்கு ஐஎஸ்ஓ 14253-1 ஒரு விதி வைத்திருக்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, பொருளைக் கொடுப்பவர் அது லிமிட்டுக்குள் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும், நிராகரிப்பவர் அது வெளியே இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். நிச்சயமின்மை எப்போதும் நிரூபிக்க வேண்டியவருக்கு எதிராகவே கணக்காகும். ஆகவே நாம் தைரியமாகப் பாஸ் என்று சொல்ல முடிவது ஏறக்குறைய 11.982 வரை. கஸ்டமர் ஃபெயில் என்று சொல்ல முடிவது 11.986க்கு மேல். இடையில் இருப்பது யாராலும் நிரூபிக்க முடியாத சாம்பல் பகுதி.

நடைமுறையில் இதற்கு என்ன செய்வது? அந்த 98ஐப் பாஸ் கூட்டத்தோடு சேர்த்து மறைக்காமல் தனிக் குழுவாக ரிப்போர்ட்டில் காட்டுவதுதான் என் பழக்கம். மேல் லிமிட்டிலேயே நிற்கும் 98 பின்னைப் பார்த்துக் கஸ்டமர் முகம் சுளிக்கலாம். ஆனால் அவரே அளந்து பார்த்து அதில் பாதி ஃபெயில் ஆகி, நம் ரிப்போர்ட்டில் எல்லாம் பாஸ் என்று இருந்தால், அதற்கப்புறம் நாம் எழுதும் எந்த எண்ணையும் அவர் நம்பப் போவதில்லை.

அறிகுறி: நாம் அளந்தது ஒன்று, கஸ்டமர் அளந்தது வேறு

2 மைக்ரானுக்குள் வித்தியாசம் என்றால் மேலே சொன்னதோடு விஷயம் முடிந்தது. 5, 6 மைக்ரான் என்று வந்தால் முதலில் இடத்தைக் கேளுங்கள், கருவியைப் பற்றி அப்புறம் பேசலாம். நம் பின்னிலேயே நடுவுக்கும் வெளிமுனைக்கும் 5 மைக்ரான் வித்தியாசம் இருக்கிறதே. அவர் முனையில் அளந்து, நாம் நடுவில் அளந்திருந்தால் இரண்டு பேரும் சரிதான்.

இடமும் ஒன்றுதான் என்று ஆனால், மைக்ரோமீட்டரைப் பூஜ்யத்தில் மட்டும் சரிபார்க்காமல் 12 மி.மீ. ஸ்லிப் கேஜில் வைத்துப் பாருங்கள். அளக்கப் போகும் அளவுக்குப் பக்கத்திலேயே சரிபார்த்தால் ஸ்க்ரூவின் பிழையும் பிடிபடும். அளக்கும் முகங்கள் நடுவில் தேய்ந்து குழிந்திருந்தால் தட்டையான ஸ்லிப் கேஜில் ஒரு அளவும் உருண்டையான பின்னில் வேறு அளவும் வரும், அதனால் அளவு தெரிந்த ஒரு மாஸ்டர் பின் இருந்தால் இன்னும் நல்லது. ராட்செட்டைச் சுற்றாமல் திம்பிளை இறுக்கிப் பிடித்து அளக்கும் ஆட்களும் உண்டு, அவர்கள் கையில் எந்தப் பின்னும் 2, 3 மைக்ரான் மெலியும்.

சூட்டைப் பற்றிப் பலரும் பெரிதாகப் பேசுவார்கள், கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த விட்டத்துக்கு அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. அளவுகள் எல்லாம் 20 டிகிரி செல்சியஸுக்கு என்பது விதி. ஸ்டீல் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 11.5 மைக்ரான் நீளும். 12 மி.மீ. விட்டத்துக்கு 10 டிகிரி வித்தியாசம் என்றால் 1.4 மைக்ரான்தான். பின்னும் கருவியும் ஒரே அறையில் ஒரே சூட்டில் இருந்தால், இரண்டும் ஸ்டீல் என்பதால் அதுவும் பெரும்பாலும் கழிந்துபோகும். ஆபத்து எங்கே என்றால், லேத்திலிருந்து 45 டிகிரியில் விழுந்த பின்னை உடனே அளப்பதில்: அது 3.5 மைக்ரான் பெரிதாகத் தெரியும், ஆறியதும் சுருங்கும். ஆகவே கஸ்டமரிடம் பின் பெரிதாகத் தெரிகிறது என்ற புகாருக்கு நம் பக்கச் சூடு காரணமாக முடியாது, திசையே மாறிப்போகிறது. ரிப்போர்ட்டில் காரணம் எழுதும் முன் இந்தத் திசைச் சோதனையை எப்போதும் செய்யுங்கள்.

இதற்கும் மேலே வித்தியாசம் தீரவில்லையென்றால் மூன்று பின்னில் அளக்கும் இடத்தைப் பேனாவால் குறித்து, நம் அளவை எழுதி மூடிய உறையில் வைத்து அனுப்புங்கள். அவரும் அளந்து திருப்பி அனுப்பட்டும். மூன்றிலும் ஒரே அளவு வித்தியாசம் என்றால் ஏதோ ஒரு கருவியின் செட்டிங். வித்தியாசம் இங்கும் அங்கும் ஆடினால் அளக்கும் முறை.

அறிகுறி: மைக்ரோமீட்டரில் எல்லா இடமும் சரி, ரிங் கேஜில் போகவில்லை

நம் பேட்ச்சில் இது இல்லை, ஆனால் பின் வேலையில் அடிக்கடி வரும் புகார் என்பதால் சொல்லிவிடுகிறேன், ரீவொர்க் பேச்சு வரும்போது இதுவே திரும்பி வரும்.

முதலில் சேம்ஃபர் விளிம்பில் பர் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள், பாதிப் புகார் அங்கேயே தீரும். அப்புறம் பின் வளைந்திருக்கிறதா என்று சர்ஃபேஸ் பிளேட்டில் உருட்டிப் பார்க்கலாம். இரண்டும் இல்லையென்றால் குறுக்குவெட்டு வட்டமாக இல்லை. மூன்று மூலை மேடாக இருக்கும் வடிவத்தில் ஒரு மேட்டுக்கு நேர் எதிரே எப்போதும் ஒரு பள்ளம்தான் வரும், ஆகவே எதிரெதிரே இரண்டு புள்ளியைத் தொடும் மைக்ரோமீட்டரை எப்படித் திருப்பி வைத்தாலும் ஒரே அளவைக் காட்டும். ரிங் கேஜ் மூன்று மேட்டையும் ஒருசேரத் தொடும், அது போகாது.

இதைப் பிடிக்க 60 டிகிரி வி-பிளாக்கில் பின்னை வைத்து மேலே டயலை வைத்துச் சுற்றுங்கள். மூன்று மேடு வடிவத்துக்கு டயல் ஆடும் அளவு உண்மையான வட்டப் பிழையைப் போல மூன்று மடங்கு, அதாவது டயல் 9 மைக்ரான் ஆடினால் பிழை 3 மைக்ரான். வழக்கமான 90 டிகிரி பிளாக்கில் இதே பிழை இரண்டு மடங்காகத் தெரியும். ஆனால் முட்டை வடிவம் 60 டிகிரி பிளாக்கில் தெரியவே தெரியாது, அதற்கு மைக்ரோமீட்டர்தான் வேண்டும்.

இந்தப் பின் ஃபெயிலா என்பது டிராயிங்கைப் பொறுத்தது, இதில் இரண்டு தரப்பும் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஐஎஸ்ஓ 8015 முறையில் வரைந்த டிராயிங்கில் விட்ட டாலரன்ஸ், தனியாக வேறு ஏதும் குறிக்காத வரை, எதிரெதிர் இரண்டு புள்ளி அளவுக்குத்தான். அளவுக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் Ⓔ போட்டிருந்தால் மட்டும் பின் முழுதும் மேல் லிமிட் விட்டமுள்ள ஒரு கச்சிதமான உருளைக்குள் அடங்க வேண்டும். ஏஎஸ்எம்இ ஒய்14.5 முறையில் இது தலைகீழ், அந்த உருளைக் கட்டுப்பாடு சொல்லாமலே இருக்கிறது. டைட்டில் பிளாக்கில் எந்த முறை என்று பார்த்துவிட்டு, ரிப்போர்ட்டில் அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

கஸ்டமருக்கு எழுதுவது

ரிப்போர்ட்டின் அட்டவணைப் பகுதி உங்களிடம் ஏற்கனவே இருக்கும், அதற்குப் பக்கத்தில் விலகல் குறிப்பு என்று ஒன்றைச் சேர்த்தால் போதும். நம் பேட்ச்சுக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

> விட்டம் Ø12 f7, லிமிட் 11.966 – 11.984. மொத்தம் 400 பின், வெளிமுனையிலிருந்து 4 மி.மீ. உள்ளே ஒவ்வொன்றும் அளக்கப்பட்டது. கருவி: 0.001 மி.மீ. மைக்ரோமீட்டர், 12 மி.மீ. ஸ்லிப் கேஜில் சரிபார்க்கப்பட்டது, நிச்சயமின்மை 2 மைக்ரான்.
>
> குழு அ: 224 பின், 11.982 வரை. லிமிட்டுக்குள்.
> குழு ஆ: 98 பின், 11.983 – 11.984. அளவு லிமிட்டுக்குள், ஆனால் அளவீட்டு நிச்சயமின்மைக்குள் வருகிறது.
> குழு இ: 78 பின், 11.985 – 11.989. மேல் லிமிட்டை 1 முதல் 5 மைக்ரான் வரை தாண்டியவை. வரிசை எண் 163 முதல் 240 வரை.
>
> கூடுதல் விட்டம் ஒரு முனையில் மட்டும். குழு இ பின்களிலும் நடு அளவும் மறுமுனை அளவும் லிமிட்டுக்குள் உள்ளன. கூடுதலான முனை, பார்ட்டிங் தடயம் இல்லாத முனை.
>
> காரணம்: டர்னிங்கின்போது வெளிமுனையில் வளைவு, அதோடு இன்செர்ட் தேய்மானம். வளைவு, ஃபினிஷ் கட்டை ஆஃப்செட் மாற்றாமல் மறுபடி ஓட்டி உறுதி செய்யப்பட்டது.
>
> 12.000 துளையில் குறைந்தபட்ச இடைவெளி: டிராயிங்படி 0.016, குழு இ பின்னில் 0.011 வரை குறையலாம்.
>
> மூன்று குழுவும் தனித்தனிப் பெட்டியில் அடையாளச் சீட்டுடன் வைக்கப்பட்டுள்ளன. குழு ஆ, குழு இ பற்றி உங்கள் எழுத்து மூல முடிவுக்குக் காத்திருக்கிறோம், அதுவரை அனுப்ப மாட்டோம்.

இடைவெளி வரிதான் கஸ்டமருக்கு அதிகம் உதவும். 11.989 என்பது அவருக்கு வெறும் எண், ஆனால் 16 மைக்ரான் இடைவெளி 11 ஆகிறது என்றால் அவர் பொறியாளர் உடனே யோசிக்கத் தொடங்குவார். கையால் மடக்கும் ஒரு கீல் பின் என்றால் ஒப்புக்கொள்ளலாம், எண்ணெய்ப் படலத்தில் வேகமாகச் சுழலும் இடம் என்றால் மாட்டேன் என்பார். "பின் துளையில் தாராளமாகப் போகும்" என்று நாம் எழுதுவதைவிட இந்த ஒரு கழித்தல் கணக்கு மேல். மிக மோசமான நிலையைத்தான் எழுத வேண்டும், சராசரி துளையோடு சராசரி பின்னைச் சேர்த்து நல்ல எண்ணாகக் காட்டினால் அவர் அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

இதோடு ஒரு கேள்வியும் கேட்டுவிடுங்கள்: இந்த அளவு பிளேட்டிங்குக்கு முன்பா, பின்பா? டிராயிங்கில் துத்தநாகப் பூச்சு என்று இருந்து, அது 8 மைக்ரான் என்றால், விட்டம் 16 மைக்ரான் ஏறும், முனைகளில் பூச்சு இன்னும் தடிமனாகவே உட்காரும். 11.989 பின் 12.005 ஆகிவிடும், 12.000 துளைக்குள் போகாது. நம் பேட்ச்சில் பூச்சு இல்லை, இருந்திருந்தால் குழு அ பின்களே பிரச்சினையாகியிருக்கும், அப்போது பேச வேண்டியது விலகலைப் பற்றி அல்ல, f7 எந்த நிலைக்கு என்பதைப் பற்றி.

பதில் வந்த பிறகு

குழு இ ஒப்புக்கொள்ளப்பட்டால், எத்தனை பின், எந்த அளவு வரை, எந்த பேட்ச் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "இந்த முறை பரவாயில்லை" என்று போனில் சொன்னது அடுத்த பேட்ச்சுக்கு 11.989தான் லிமிட் என்று அர்த்தமாகாது, சில ஒர்க்‌ஷாப்களில் அப்படித்தான் ஆகிவிடுகிறது.

ஒப்புக்கொள்ளவில்லை, ரீவொர்க் செய்து கொடுங்கள் என்றால் எமரி தாளை எடுக்கும் ஆசை வரும். 5 மைக்ரானை எமரியில் எடுத்துவிடலாம்தான், ஆனால் எங்கே எவ்வளவு போனது என்று தெரியாது, சேம்ஃபர் பக்கம் உருண்டுவிடும், 78 பின்னும் 78 வடிவமாக வரும். சென்டர்லெஸ் கிரைண்டிங்கில் எல்லாவற்றையும் 11.970 பக்கம் கொண்டுவந்தால் டேப்பரும் போய்விடும், கீழ் லிமிட் 11.966 என்பதால் இடம் இருக்கிறது. கணக்கில் ஒரு சிக்கல் மட்டும்: இந்தப் பின்களின் சக் பக்கம் ஏற்கனவே 11.978 முதல் 11.982 வரை இருக்கிறது, ஆகவே அங்கே விட்டத்தில் 8 முதல் 12 மைக்ரான், அதாவது ஒரு பக்கத்துக்கு 4 முதல் 6 மைக்ரான் மட்டுமே எடுக்கப்போகிறோம், டர்னிங் கோடுகள் அதைவிட ஆழமாக இருந்தால் தடயம் மிஞ்சும். முதலில் இரண்டு பின்னில் ஓட்டிப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். கிரைண்டிங் முடிந்ததும் 60 டிகிரி வி-பிளாக்கில் வட்டத்தையும் பாருங்கள், ஏனென்றால் செட்டிங் சரியில்லாத சென்டர்லெஸ் கிரைண்டிங்தான் மூன்று மேடு வடிவத்தை உண்டாக்கும் முதல் ஆள். ரீவொர்க் செய்த பின்களைப் புதிய எண்ணோடு மறுபடி முழுதாக அளந்து தனி ரிப்போர்ட் போடுங்கள், பழைய ரிப்போர்ட்டைத் திருத்தாதீர்கள்.

லேத் பக்கம் மாற்ற வேண்டியது இரண்டுதான். ஆபரேட்டர் அளக்கும் இடத்தை நடுவிலிருந்து வெளிமுனைக்கு மாற்றி, அங்கே 11.980 வந்ததும் ஆஃப்செட் திருத்தம் என்று சீட்டில் எழுதி ஒட்டுவது, ஒன்று. 25 பின்னுக்கு 1 மைக்ரான் என்றால் 11.978இல் தொடங்கினால் ஐம்பது பின்னிலேயே அந்த எண் வந்துவிடும், அது தொல்லை என்று ஆபரேட்டர் சொல்வார், சரியாகத்தான் சொல்கிறார். ஆகவே இரண்டாவது, ஆரம்ப அளவையே வெளிமுனையில் 11.973 ஆகக் கீழே இறக்குவது. சக் பக்கம் அப்போது 11.967, கீழ் லிமிட்டுக்கு ஒரு மைக்ரான்தான் மேலே, அது ரொம்ப நெருக்கம். 11.975 வைத்தால் சக் பக்கம் 11.969, வெளிமுனை 11.980ஐத் தொட 125 பின் ஆகும். ஃபினிஷ் கட்டை ஒரே ஓட்டத்தில் எடுக்காமல் கடைசியில் அதே ஆஃப்செட்டில் இன்னொரு ஓட்டம் சேர்த்தால் டேப்பர் குறையும், அதற்குச் சில விநாடி கூடுதலாகும், மிகச் சிறிய ஆழத்தில் டூல் வெட்டாமல் தேய்த்துக்கொண்டு போனால் ஃபினிஷ் கெடவும் செய்யும், அதையும் ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.